வாலை நறுக்கினால் போதுமா?

மாணவர்களே, கொட்டிலில் வளரும் பன்றிகள் சில சமயம் ஒன்றன் வாலை ஒன்று கடித்துப் புண்ணாக்கிவிடும். இதைத் தடுக்கக் குட்டியிலேயே வாலை நறுக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. காய்ச்சலைக் கவனிக்காமல் வெப்பமானியை உடைப்பது போன்றது இது என்பேன்.

பன்றி, மூக்கால் மண்ணைக் கிளறி இரை தேடும் பிராணி. வெறும் சிமெண்டுத் தரையில் கிளற ஏதுமில்லாதபோது அடுத்ததன் வாலே அதற்கு அகப்படுகிறது. இட நெருக்கடியில் கடிபடும் பன்றி விலகி ஓடவும் முடியாது. தீவனத்தில் உப்போ புரதமோ குறைந்தால், இரத்தச் சுவை இன்னும் ஈர்க்கும்.

சுவீடனில் 1988 முதல் வால் நறுக்கத் தடை. 100 கிலோ பன்றிக்கு 0.9 சதுர மீட்டருக்கு மேல் இடமும், கிளற வைக்கோலும் தருகிறார்கள். அங்கும் கடி அறவே ஒழியவில்லை. ஆனால் சுருண்ட வால்கள் தொங்கத் தொடங்கினாலே ஆபத்தை உணர்ந்து, கடிப்பதைப் பிரித்துவிடலாம். வாலை நறுக்கிவிட்டால் அந்த எச்சரிக்கையை எங்கே காண்பது?