எடைக்கு விலையா, பொதிக்கு விலையா?

கடந்த 2025-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கடல்வழி வணிகம் தொடர்பான இரண்டு பழைய சட்டங்களை விலக்கிப் புதியன இயற்றியது. 1856-ஆம் ஆண்டின் கப்பல் சரக்குச் சீட்டுச் சட்டம் ஒன்று; 1925-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் மற்றொன்று. மொழி எளிமையானது, காலனிய ஆட்சியின் எச்சம் அகற்றப்பட்டது என்று அரசு கூறியது. அவை இரண்டும் உண்மையே. ஆனால், சரக்கு கடலில் கெட்டாலோ தொலைந்தாலோ கப்பல் நிறுவனம் அதிகபட்சம் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும் எண் மட்டும் தொடப்படவே இல்லை. கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் காஞ்சிபுரத்துக்கும் அந்த எண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்துத் தறிகளுக்கு வேண்டிய கச்சாப் பட்டின் ஒரு பகுதி கர்நாடகத்திலிருந்தும் தமிழகத்தின் பட்டுக்கூடு சந்தைகளிலிருந்தும் வருகிறது. பாவுக்கு ஏற்ற சீரான இழை வேண்டும்போது, பல ஆண்டுகளாகவே வணிகர்கள் சீனப் பட்டை நாடுகின்றனர். அது கப்பலில் வரும்போது அதனுடன் ஒரு தாளும் வருகிறது. வணிகர் வழக்கில் 'பில் ஆஃப் லேடிங்' எனப்படும் அந்தக் கப்பல் சரக்குச் சீட்டு மூன்று வேலைகளைச் செய்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு அது ரசீது. ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்துக்குச் சான்று. யார் கையில் முறைப்படி இருக்கிறதோ அவருக்குச் சரக்கின் மீது உரிமை தரும் ஆவணம். வங்கி கடன் தருவதும், துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கப்படுவதும் இதைக் காட்டித்தான்.

இழப்பீட்டின் உச்சவரம்பைத் தீர்மானிப்பதும் இதே தாள்தான். 1924-இல் பிரஸ்ஸல்ஸில் உருவான ஹேக் விதிகள், ஒரு பொதிக்கு 100 பவுண்டு என்று வரம்பு கட்டின. அதையே நமது 1925-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றது. பின்னர் 1968-இல் விஸ்பி திருத்தமும், 1979-இல் மற்றொரு திருத்தமும் வந்தன. அவற்றின்படி வரம்பு, பன்னாட்டு நிதியத்தின் கணக்கு நாணயமான எஸ்.டி.ஆர். அலகுக்கு மாறியது. ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது ஒரு கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றுள் எது அதிகமோ அது. இந்தியா 1993-இல் இந்த எண்களை ஏற்றது; 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவையே தொடர்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். ஒரு எஸ்.டி.ஆர். சுமார் 120 ரூபாய் என்று கொள்வோம். அப்படியானால் பொதிக்கு ஏறத்தாழ 80,000 ரூபாய். கிலோவுக்கு 240 ரூபாய். கச்சாப் பட்டு 60 கிலோ கொண்ட பொதிகளாக வருகிறது என்றும், கிலோ 5,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இருபது பொதிகள் கொண்ட சரக்கின் எடை 1,200 கிலோ. மதிப்பு 60 லட்சம் ரூபாய். கொள்கலனுக்குள் கடல்நீர் புகுந்து அனைத்தும் பாழாகிவிடுகிறது. உப்புநீர் பட்ட பட்டு சாயம் சீராக ஏற்காது. தறிக்கு அது உதவாது.

சீட்டில் 'ஒரு கொள்கலனில் 20 பொதி கச்சாப் பட்டு' என்று எழுதியிருந்தால், இருபது பொதிக்கும் தனித்தனியே வரம்பு கணக்கிடப்படும்; உச்சம் 16 லட்சம். 'ஒரு கொள்கலன், கச்சாப் பட்டு' என்று மட்டும் எழுதியிருந்தால், கொள்கலனே ஒரு பொதியாகிவிடும். அப்போது எடைக் கணக்கே அதிகம் தரும். ஆனால் அது வெறும் 2 லட்சத்து 88 ஆயிரம். அதே பட்டு 30 கிலோ பெட்டிகளாக, '40 பெட்டிகள்' என எழுதப்பட்டு வந்திருந்தால் உச்சம் 32 லட்சமாக உயரும். பட்டும் அதேதான், கப்பலும் அதேதான், சேதமும் அதேதான். சீட்டின் ஒரு வரி மாறியதில் இழப்பீட்டு வரம்பு பதினொரு மடங்கு வேறுபடுகிறது. கொள்கலனுக்குள் அடுக்கப்பட்ட பொதிகளின் எண்ணிக்கை சீட்டில் குறிக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணிக்கையே கணக்கு என்று விதியே சொல்கிறது. குறிக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இந்த விதியில் ஒளிந்திருக்கும் பொருளாதாரமும் கவனத்துக்குரியது. 25 கிலோ அரிசி மூட்டையின் விலை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டியது. அதற்கான வரம்போ 80,000. ஒரு டன் இரும்புத் தகட்டுச் சுருளுக்கு எடைக் கணக்கில் 2 லட்சத்து 40 ஆயிரம் வரை கோரலாம்; அதன் விலை அதைவிட மிகக் குறைவு. ஆக, கனத்த, மலிவான சரக்குகளுக்கு இந்த வரம்பு ஒரு தடையே ஆகாது. எடை குறைந்து விலை மிகுந்த பட்டு போன்ற சரக்குகளைத்தான் அது கடிக்கிறது. பெரும் ஆலைகளின் சரக்கு பெரும்பாலும் முதல் வகை. கைத்தொழில் சார்ந்தவை இரண்டாம் வகை.

வரம்பின் வயதையும் பார்க்க வேண்டும். 1979-இல் ஒரு எஸ்.டி.ஆர். 1.30 டாலரை ஒட்டியிருந்தது, 2025-இலும் 1.40 டாலரைத் தாண்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் நுகர்வோர் விலைகள் நான்கு மடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டன. எண் அப்படியே நிற்க, அதன் வாங்கும் திறன் கால்பங்காகச் சுருங்கிவிட்டது. 1978-ஆம் ஆண்டின் ஹாம்பர்க் விதிகள் 835, 2.5 என்றும், 2008-ஆம் ஆண்டின் ராட்டர்டாம் விதிகள் 875, 3 என்றும் சற்றே உயர்த்தின. முன்னதில் இந்தியா சேரவில்லை. பின்னது இன்னமும் நடைமுறைக்கு வரவில்லை.

வரம்பு என்பது உச்சம் மட்டுமே. அந்தத் தொகை கிடைத்தே தீரும் என்பதற்கு உறுதி கிடையாது. கப்பலைச் செலுத்துவதில் மாலுமிகள் செய்த தவறால் இழப்பு நேர்ந்தால், நிறுவனம் பொறுப்பிலிருந்து முற்றிலும் விலகிக்கொள்ள இதே விதிகள் இடம் தருகின்றன. கப்பல் புறப்படும்போதே பயணத்துக்குத் தகுதியற்றதாக இருந்தது, அதைச் சரிசெய்ய உரிய கவனம் செலுத்தப்படவில்லை என்றால்தான் அந்தக் கவசம் விலகும். 2025 மே 25 அன்று கொச்சி அருகே, சுமார் 640 கொள்கலன்களுடன் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கோரி வழக்குத் தொடுத்தது பெரிய செய்தியானது. அந்தக் கொள்கலன்களில் முந்திரிக்கொட்டை வைத்திருந்த இறக்குமதியாளர்கள் உயர் நீதிமன்றத்தை நாடி, அதே குழுமத்தின் மற்றொரு கப்பலைத் தடுத்து வைக்க உத்தரவு பெற்றது சிறிய செய்தியாகவே கடந்துபோனது. சிறு வணிகருக்குப் பாடம் இந்த இரண்டாவது செய்தியில்தான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் கடல்சார் நீதி வரம்புச் சட்டத்தின்படி, இந்தியத் துறைமுகத்துக்கு வரும் கப்பலைப் பிணையாகப் பிடிக்கும் வழி சென்னை உயர் நீதிமன்றத்திலும் உண்டு.

முந்திரி இன்னொரு பழைய வழக்கையும் நினைவூட்டுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொச்சிக்கு வந்த முந்திரிக்கொட்டையில் மூட்டைகள் குறைந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இந்தியத் துறைமுகத்திலிருந்து புறப்படும் சரக்குக்கே நமது சட்டம் பொருந்தும், வெளிநாட்டிலிருந்து வருவதற்குப் பொருந்தாது என்று 1990-இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சீட்டில் இங்கிலாந்து நீதிமன்றம் என்று குறித்திருந்ததும் இறக்குமதியாளருக்கு எதிராகவே முடிந்தது. நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த எல்லையைத் தாண்டவில்லை. சீனத்திலிருந்து சென்னைக்கு வரும் பட்டுப் பொதிக்கு எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்பதைச் சீட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகள் முடிவு செய்கின்றன. 16 லட்ச ரூபாய்க்காக லண்டனில் வழக்காடும் வணிகர் யார்?

காலக்கெடுவும் கடுமையானது. சேதம் வெளிப்படையாகத் தெரியாவிட்டால் மூன்று நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால், சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகவே முதலில் கருதப்படும். ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் மேலும் மூன்று மாதங்கள் கிடைக்கலாம். சென்னையைச் சேர்ந்த ஈஸ்ட் அண்டு வெஸ்ட் ஸ்டீம்ஷிப் கம்பெனி தொடர்பான வழக்கில், கெடு கடந்தால் வழக்காடும் வழி மட்டும் அடைபடுவதில்லை, உரிமையே அழிந்துவிடுகிறது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கப்பல் நிறுவனத்தின் உள்ளூர் முகவரோடு கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டே ஆண்டைக் கடத்திவிடுவது இதனால்தான் ஆபத்து.

காப்பீடு இருக்கும்போது வரம்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். வரம்பை உயர்த்தினால் கப்பல் கட்டணம் உயரும் என்ற வாதமும் உண்டு. இரண்டிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. சரக்குக்காரருக்கு இழப்பீடு தந்த காப்பீட்டு நிறுவனம், அவருடைய இடத்தில் நின்று கப்பல் நிறுவனத்திடம் அதை மீட்க முயலும். வரம்பு தாழ்ந்திருந்தால் மீட்பு குறையும், அது நாளடைவில் பிரீமியத்தில் ஏறும். செலவு மறைவதில்லை, இடம் மாறுகிறது. மேலும், கொள்கலனை எங்கே அடுக்கினார்கள், நீர் எப்படிப் புகுந்தது என்பதெல்லாம் கப்பல்காரருக்கே தெரியும். தடுக்கும் வசதி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் சுமையின் பெரும்பகுதியை வைப்பதே பொருளாதார நியாயம்.

இந்தக் கணக்கிலெல்லாம் பெயரே இல்லாதவர் ஒருவர் உண்டு. பட்டு வராததால் பாவு கிடைக்காமல், தறி நின்று, கூலி இழக்கும் நெசவாளர். சீட்டில் அவர் தரப்பினர் இல்லை, காப்பீட்டிலும் இல்லை. வணிகருக்கு வந்து சேரும் இழப்பீடு எவ்வளவு விரைவானது, எவ்வளவு முழுமையானது என்பதைப் பொறுத்தே அவருடைய தறி மீண்டும் இயங்கும்.

புதிய சட்டம், விதிகள் அடங்கிய அட்டவணையை அறிவிக்கை மூலமே திருத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. நாடாளுமன்றத்தின் அதிகாரம் அரசுக்குக் கைமாறுகிறது என்ற விமர்சனத்தை நானும் ஏற்கிறேன். என்றாலும், தந்தாகிவிட்ட அதிகாரத்தை நல்லதற்குப் பயன்படுத்தலாம். குறைந்தபட்சம் ராட்டர்டாம் அளவுக்கேனும் வரம்பை உயர்த்தி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை விலைவாசியோடு ஒப்பிட்டுத் திருத்தும் முறையை அரசு வகுக்க வேண்டும். இறக்குமதிச் சரக்குக்கும் சட்டத்தை விரிவுபடுத்துவது நாடாளுமன்றத்தின் கடமை.

அதுவரை பட்டு வணிகர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் கையில் உள்ளதைச் செய்யலாம். கொள்முதல் ஒப்பந்தத்திலேயே, பொதிகளின் எண்ணிக்கை சீட்டில் இடம்பெற வேண்டும் என்று விற்பவரிடம் நிபந்தனை விதிக்கலாம். விலை மிகுந்த சரக்கென்றால், ஏற்றுமுன் அதன் மதிப்பை அறிவித்துச் சீட்டில் எழுதச் செய்யலாம். கட்டணம் கூடும், ஆனால் வரம்பு பொருந்தாது. கொள்கலனைத் திறக்கும் நாளிலேயே முத்திரையின் எண்ணைச் சரிபார்த்து, ஈரம் தெரிந்தால் சர்வேயரை அழைத்து, அன்றே எழுத்தில் தெரிவிக்கலாம். இவற்றுக்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. சீட்டில் '20 பொதி' என்று எழுதச் செய்வதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.