கறுப்பு மை மட்டும் போதாது

2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல் துறையிடம், தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். ஒவ்வொரு பதவி நிலையிலும் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பதே அது. யாருடைய பெயரையும் அவர் கேட்கவில்லை. எண்ணிக்கையை மட்டுமே கேட்டார். பணியாளர் தரவுத்தளத்திலிருந்து ஒரு எக்செல் கோப்பை இறக்கி, அதே கோப்பில் புதிய தாள்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். வேலை முடிந்ததும் கண்ணுக்குத் தெரிந்த வேலைத் தாள்களையெல்லாம் நீக்கினார்கள். முதலில் இறக்கிய மூலத் தாள் மட்டும் கண்ணில் படாமல் கோப்புக்குள்ளேயே தங்கிவிட்டது. சரிபார்ப்புக்குப் பிறகும் அது யாருக்கும் தெரியவில்லை. ஆகஸ்ட் 8 அன்று பதில் பொது இணையதளத்தில் ஏறியது.

மூலத் தாளில் 9,483 பேரின் விவரங்கள் இருந்தன: குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணிபுரியும் இடம், பிரிவு. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அங்கே பணி முடிந்து வெளியே இருந்த காவல் அதிகாரி ஒருவர் துப்பாக்கியால் சுடப்பட்டிருந்தார். அண்டை வீட்டாருக்குக்கூடத் தாம் காவலர் என்று சொல்லாமல் வாழ்பவர்கள் அங்கே பலர். கோப்பு சுமார் மூன்று மணி நேரத்தில் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் ஆயுதக் குழுக்களின் கையில் அது சேர்ந்துவிட்டதாகக் காவல் துறையே சில நாளில் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் தொடக்கத்தில் தலைமைக் காவல் அதிகாரி பதவி விலகினார். 2024 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையம் 7.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. எளிதாகச் செய்திருக்கக்கூடிய நடைமுறைகள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதே ஆணையத்தின் முடிவு.

இந்த விபத்தில் யாரும் கணினிக்குள் புகுந்து திருடவில்லை. அலுவலகமே தன் கையால் கொடுத்தது. ஆவணத்தை வெளியே அனுப்பும்போது நிகழும் கசிவுகளில் பல இப்படித்தான் நிகழ்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் செய்வதையும் கோப்பிலிருந்து அகற்றுவதையும் நாம் ஒன்றாக எண்ணிவிடுகிறோம்.

பிடிஎஃப் கோப்பில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒரு பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால், கோப்புக்குள் எழுத்து தனியாகவும் கட்டம் தனியாகவும் இருக்கின்றன. கட்டம் மேலே கிடக்கிறது, அவ்வளவுதான். சுட்டியால் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வெற்றுக் கோப்பில் ஒட்டினால் கீழே இருந்த எழுத்து முழுதாக வந்து நிற்கும். 2019 ஜனவரியில் டிரம்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் வாஷிங்டன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் இதுதான் நடந்தது. கறுப்பிட்ட வரிகளைச் செய்தியாளர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். கருத்துக்கணிப்புத் தரவுகளை அவர் யாரிடம் பகிர்ந்தார் என்று அரசுத் தரப்பு குற்றம் சாட்டியது என்பது அன்றே உலகுக்குத் தெரிந்தது. வேர்டு கோப்பில் எழுத்தின் பின்னணியைக் கறுப்பாக்குவதும், எழுத்தையே வெள்ளை நிறமாக்குவதும் இதே ரகம்.

அச்செடுத்து மார்க்கர் பேனாவால் அடித்து மீண்டும் ஸ்கேன் செய்தால் பாதுகாப்பு என்று பல அலுவலகங்களில் நம்புகிறார்கள். 2023இல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் சோனி நிறுவனத்தின் ஆவணங்கள் அப்படித்தான் அடிக்கப்பட்டு வந்தன. மை மெலிதாகவும் ஸ்கேன் கூர்மையாகவும் இருந்ததால், வீடியோ விளையாட்டுகளுக்கு ஆன செலவுத் தொகைகளை மைக்கு அடியில் படிக்க முடிந்தது. காகிதத்தில்தான் செய்யவேண்டும் என்றால், மறைக்கும் வரியைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அல்லது ஒளி புகாத தாளை ஒட்டி, அதை ஜெராக்ஸ் எடுத்து அந்த ஜெராக்ஸை மட்டும் அனுப்ப வேண்டும்.

இனி நம் ஊர் அலுவலகத்துக்கு வருவோம். முதியோர் ஓய்வூதியத்தில் முறைகேடு நடந்ததாக ஒரு வட்டாட்சியர் அலுவலகம் விசாரித்து 22 பக்க அறிக்கை தயாரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த அறிக்கையைக் கேட்கிறார். அதில் பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் இருக்கின்றன. ஒரு மூதாட்டியின் நோய் விவரம் இருக்கிறது. முறைகேட்டை முதலில் தெரிவித்தவரின் பெயர் இருக்கிறது. பணத்தை விடுவித்த அலுவலரின் பெயர், பதவி, தொகை, தேதி ஆகியவையும் இருக்கின்றன.

எதை மறைப்பது என்பது முதல் முடிவு. ஆதார், வங்கி, கைபேசி எண்களிலும் நோய் விவரத்திலும் தயக்கத்துக்கு இடமில்லை. அவை போய்விட்டாலும் முறைகேடு எப்படி நடந்தது என்பதை அறிக்கை சொல்லிவிடும். தகவல் தந்தவரின் அடையாளத்துக்குச் சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவே பாதுகாப்பு தருகிறது. பணத்தை விடுவித்த அலுவலரின் பெயரும் பதவியும் தொகையும் இருக்க வேண்டியவை. அவர் அரசுப் பணியாகச் செய்த வேலை அது.

அடுத்தது தேடல். பெயர் எங்கெங்கே வருகிறது என்று கணினியில் தேடிப் பார்ப்பது வழக்கம். தமிழ்க் கோப்பில் இங்கே ஒரு குழி இருக்கிறது. 'முருகன்' என்று தேடினால் 'முருகனுக்கு', 'முருகனின்' என்று வரும் இடங்கள் அகப்படா. 'ன்' என்பதைக் கணினி 'ன' என்ற எழுத்தும் மேற்புள்ளியுமாகச் சேமிக்கிறது. 'னு' என்பதில் மேற்புள்ளியின் இடத்தில் உகரக் குறி வந்துவிடுகிறது. எனவே 'முருக' என்று அடிவரை மட்டும் கொடுத்துத் தேட வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்பாக இருந்தால் எதைத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே வேறு குறிகளாக இருக்கிறது. ஸ்கேன் செய்த பக்கத்தில் எழுத்தே இல்லை, படம்தான். தேடல் 'எதுவுமில்லை' என்று சொல்வதை நம்பி அனுப்பினால், மூன்றாம் பக்கத்தில் மறைத்த பெயர் இணைப்பு 2இல் வங்கிப் புத்தகத்தின் படத்தில் பளிச்சென்று இருக்கும். இணைப்புகளைக் கண்ணால் ஒவ்வொரு பக்கமாகப் படிப்பதற்கு மாற்று இல்லை.

பெயரை நீக்கிய பிறகும் ஆள் தெரியலாம். 'அந்த அலுவலகத்தில் அப்போதிருந்த ஒரே பெண் துணை வட்டாட்சியர்' என்ற சொற்றொடர் நின்றால் பெயரை அடித்ததில் பயனில்லை. ஜெஃப்ரி எப்ஸ்டீன் தொடர்பான உரிமையியல் வழக்கில் கிஸ்லேன் மேக்ஸ்வெல் 2016இல் அளித்த வாக்குமூலம் 2020 அக்டோபரில் வெளியானபோது, ஆவணத்தின் முதன்மைப் பகுதியில் பெயர்களை மறைத்தவர்கள் கடைசியில் இருந்த அகரவரிசைச் சொல்லடைவை யோசிக்கவில்லை. அதில் பெயர்கள் கறுப்பாக இருந்தாலும், எந்தச் சொல்லுக்கும் எந்தச் சொல்லுக்கும் இடையில் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்பது தெரிந்தது. பத்திரிகையாளர்கள் பல பெயர்களை அதிலிருந்தே ஊகித்தார்கள்.

அகற்றும் வேலைக்கு முறையான கருவி இருக்கிறது. அக்ரோபாட் புரோவில் மறைக்கவேண்டியதைக் குறிப்பது ஒரு படி. Apply கொடுத்து நீக்குவது இரண்டாம் படி. குறித்துவிட்டு இரண்டாம் படியை மறப்பவர்கள் நிறையப் பேர். வேர்டு, எக்செல் கோப்புகளில் Inspect Document கொடுத்தால் மறைந்த தாள்கள், திருத்தக் குறிப்புகள், கருத்துகள், கோப்பை உருவாக்கியவரின் பெயர் எல்லாம் வெளியே வரும். மூலக் கோப்பில் இதைச் செய்யாமல் நகலில் செய்ய வேண்டும். வட அயர்லாந்துச் சம்பவத்துக்குப் பின் பிரிட்டனின் ஆணையம் மூல எக்செல் கோப்புகளைத் தகவல் கோரிக்கைகளுக்குப் பதிலாக வெளியிடுவதை உடனே நிறுத்தும்படி பொது அமைப்புகளைக் கேட்டது. சிஎஸ்வி கோப்பில் ஒரு தாள்தான் இருக்க முடியும். அதற்குள் இன்னொன்று ஒளிந்திருக்க இடமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பயத்தில் எல்லாவற்றையும் அடித்துவிடுவது இன்னொரு தவறு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மறைக்கவேண்டிய பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைத் தர வழிசெய்கிறது. பகுதியாகத் தரும்போது ஏன் அப்படித் தரப்படுகிறது, முடிவெடுத்தவர் யார், அவர் பதவி என்ன, மனுதாரர் எங்கே மறுபரிசீலனை கோரலாம் என்பதையெல்லாம் எழுத்தில் சொல்லவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நடைமுறையில் 22 பக்கத்தில் 20 பக்கம் கறுப்பாக வந்து சேரும். காரணம் ஒரு வரி கூட இருக்காது.

2025 நவம்பரில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 8(1)(ஜே) பிரிவு மாற்றப்பட்ட பிறகு இந்தப் போக்கு வலுப்பெறும் என்று நான் அஞ்சுகிறேன். பொதுப் பணிக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலையோ, தனியுரிமையில் தேவையின்றித் தலையிடும் தகவலையோ மறுக்கலாம் என்று முன்பு இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்க இடமுண்டு. ஆனால் 8(2) பிரிவு அப்படியே நிற்கிறது: பாதுகாக்கப்படும் நலனைவிட வெளியிடுவதிலுள்ள பொது நலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம். முதியோர் ஓய்வூதியத்தைச் சுருட்டிய அலுவலரின் பெயரை 'தனிநபர் தகவல்' என்று கறுப்பிடும் பொதுத் தகவல் அலுவலர், அந்த மூதாட்டியின் ஆதார் எண்ணைக் காப்பாற்றும் அதே கறுப்பு மையைத் தவறான இடத்தில் செலவிடுகிறார்.

ஒவ்வொரு அலுவலகத் தலைவரும் மூன்று விதிகளை எழுத்தில் போடட்டும். மறைத்தவரும் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சரிபார்ப்பவர் அனுப்பவிருக்கும் கோப்பைத் திறந்து, கறுப்புப் பகுதியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்துவிட்டே ஒப்பமிட வேண்டும். ஒவ்வொரு கறுப்புக் கட்டத்தின் ஓரத்திலும் அது எந்தப் பிரிவின்கீழ் மறைக்கப்பட்டது என்பதைக் குறிக்க வேண்டும். கட்டத்துக்குப் பிரிவு எண் எழுத முடியவில்லை என்றால் அந்த இடத்தைக் கறுப்பாக்க உரிமை இல்லை.