லோரியை எழுது
ரிங்லெட் தேயிலைத் தோட்டமொன்றின் நிர்வாகி ஓய்வு பெறுகிறார். விருந்தில் வாசிக்க வேண்டிய பாராட்டு மடலைத் திருத்தித் தரும்படி, அங்கே வேலை செய்யும் என் அண்ணன் மகள் கேட்டாள்.

"தங்களின் தொலைநோக்குத் தலைமைத்துவம்" என்று தொடங்கி, பாதியில் "நீங்கள் எங்கள் அப்பா மாதிரி" என்று மாறியிருந்தது. முதலாவது எந்த அதிகாரிக்கும் பொருந்தும். இரண்டாவதைச் சபையில் வாசித்தால் முகத்துதியாகக் கேட்கும்.

"அவர் செஞ்சதுல உனக்கு மறக்காதது எது?"

"2013 அக்டோபர்ல அணைத் தண்ணியைத் திறந்து பெர்த்தாம் வேலி மூழ்கிச்சே சித்தப்பா, அன்னிக்கு ராத்திரி தோட்டத்து லோரியை அவரே ஓட்டிக்கிட்டு வந்தாரு."

"அந்த லோரியை எழுது."

விளிப்பும் முடிப்பும் மரியாதையாகவே இருக்கட்டும் என்றேன். 'தாங்கள்' என்று தொடங்கினால் கடைசிவரை 'தாங்கள்'தான். பாசத்தை அடைமொழியில் காட்ட வேண்டாம், நடந்ததைச் சொன்னாலே அது வந்துவிடும். தலைமைத்துவத்தையும் அப்பாவையும் அவளே அடித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்:

"எங்களை மேட்டில் இறக்கிவிட்டு, மற்றவர்களை ஏற்றிவர தாங்கள் மறுபடியும் கீழே போனீர்கள்."

அதற்குமேல் நான் திருத்தவில்லை.