மீன் நம்முடையது; வழி யாருடையது?

2021-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, லட்சத்தீவுக்கு மேற்கே 130 கடல் மைல் தூரத்தில் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் சென்றது. அதன் பெயர் 'ஜான் பால் ஜோன்ஸ்'.

கப்பல் சென்றதோடு விஷயம் முடியவில்லை. "இந்தியாவின் அனுமதியைக் கேட்காமலேயே சென்றோம்" என்று அமெரிக்கக் கடற்படை வெளிப்படையாக அறிவித்தது. இந்தியா தன் கவலையை அமெரிக்காவுக்குத் தெரிவித்தது. "நம் கடலில் நம்மைக் கேட்காமல் வரலாமா?" என்று பலர் கொதித்தார்கள்.

கோபம் இயற்கையானதுதான். ஆனால், அது "நம் கடல்"தானா?

இரண்டு எல்லைகள்

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோ மீட்டர் வரை, கடல் அந்த நாட்டுக்கே சொந்தம். அங்கே அந்நியக் கப்பல் தீங்கு செய்யாமல் கடந்து போகலாம். ஆனால் போர்ப் பயிற்சி நடத்தக் கூடாது. வேவு பார்க்கவும் கூடாது.

அதற்கு அப்பால், கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ளது பொருளாதார மண்டலம். இங்கே உள்ள மீனும், அடியில் உள்ள எண்ணெயும் கரை நாட்டுக்கே உரியவை. ஆனால் கடல் அந்த நாட்டுக்குச் சொந்தம் அல்ல. 1982-ம் ஆண்டு உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்வது இதுதான்.

ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரை நினைத்துப் பாருங்கள். ஏரியில் உள்ள மீன் எல்லாம் அவருடையது. வேறு ஒருவர் வலை வீசினால் அவர் தடுக்கலாம். ஆனால் பரிசலில் அக்கரைக்குப் போகிறவரை, "என்னைக் கேட்காமல் ஏன் வந்தாய்?" என்று மறிக்க முடியுமா? முடியாது. அவர் எடுத்தது மீன் குத்தகை; ஏரியை விலைக்கு வாங்கவில்லை.

தடுக்கக்கூடிய கப்பலும் உண்டு

2019-ம் ஆண்டு ஒரு சீன ஆராய்ச்சிக் கப்பல் அந்தமான் அருகே இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வந்து, அனுமதி பெறாமல் ஆராய்ச்சி செய்தது. இந்தியக் கடற்படை அதை வெளியேறச் சொன்னது. அது வெளியேறியது.

அங்கே இந்தியா செய்தது முற்றிலும் சரி. பொருளாதார மண்டலத்தில் கடல் ஆராய்ச்சி செய்யக் கரை நாட்டின் சம்மதம் வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. வழியே போகும் போர்க்கப்பலுக்கு அப்படி எந்த விதியும் இல்லை.

பயிற்சி நடத்தினால்?

இந்தியா இந்த உடன்படிக்கையை 1995-ல் ஏற்றுக்கொண்டது. அப்போதே ஓர் அறிவிப்பும் செய்தது. பொருளாதார மண்டலத்தில் மற்ற நாடுகள் சம்மதம் இல்லாமல் போர்ப் பயிற்சி நடத்தக் கூடாது, முக்கியமாக ஆயுதமும் வெடியும் பயன்படுத்தக் கூடாது என்பதே அந்த அறிவிப்பு.

இதில் நியாயம் இருக்கிறது. பீரங்கி சுடும் இடத்தில் மீனவன் எப்படி வலை போடுவான்? ஏரியைக் கடப்பது வேறு; ஏரியில் வெடி போடுவது வேறு. ஆனால் "சம்மதம் வேண்டும்" என்ற சொல் உடன்படிக்கையில் இந்த இடத்தில் இல்லை. கரை நாட்டின் உரிமைகளை உரிய முறையில் மதித்து நடக்க வேண்டும் என்று மட்டுமே இருக்கிறது. ஒரு நாடு தனியாகச் செய்யும் அறிவிப்பு உடன்படிக்கையை மாற்றிவிடாது.

அமெரிக்காவின் நியாயமும் முழுமை இல்லை. மற்றவர்களுக்குக் கடல் சட்டம் சொல்லும் அமெரிக்கா, அந்த உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை!

நமக்கும் அதே வழி

2011-ம் ஆண்டு 'ஐராவத்' என்ற இந்தியப் போர்க்கப்பல், வியட்நாம் கரையிலிருந்து 45 கடல் மைல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. "நீங்கள் சீனக் கடலில் நுழைகிறீர்கள்" என்று வானொலியில் ஒரு குரல் எச்சரித்தது. ஐராவத் நிற்கவில்லை, தன் வழியே சென்றது. "கடலில் செல்லும் சுதந்திரத்தை ஆதரிக்கிறோம்" என்று இந்தியா அப்போது சொன்னது.

வியட்நாம் அருகே நாம் கேட்ட சுதந்திரத்தை லட்சத்தீவு அருகே பிறருக்கு மறுக்கலாமா? ஒவ்வொரு நாடும் 200 மைலைப் பூட்டினால், உலகக் கடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூட்டு விழும். நம் கப்பலும் வெளியேதான் நிற்கும்.

ஆகவே, போகும் கப்பலைப் போகவிடுவதே முறை. கண்காணிப்பது நம் உரிமை. 2021-லும் இந்தியா அந்தக் கப்பலைத் தொடர்ந்து கண்காணித்தது. ஆனால் சுடும் பயிற்சி என்றால், முன்கூட்டியே இடமும் நேரமும் சொல்ல வேண்டும். மீன்பிடிக்கும் இடத்தை விட்டு விலக வேண்டும். இதை எல்லா நாடுகளிடமும் வற்புறுத்தினால் மீனவனும் பிழைப்பான். கடல் வழியும் திறந்திருக்கும்.