ஸ்கான் நல்லதாம், சிறுநீரகம்?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், யாழ்ப்பாணத்தில் ஸ்கான் எடுத்துத் திரும்புகிறவர்களும் இருப்பார்கள். பெரிய உறையைப் பிரித்து அவர்கள் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: இரண்டு சிறுநீரகங்களும் அளவில் சரி. அதைக் கண்டதும் “கிட்னி நல்லா இருக்காம்” என்று வீட்டுக்குத் தொலைபேசி போகும். இரத்தத்துக்கும் சலத்துக்கும் எழுதிக் கொடுத்த துண்டு பையிலேயே கிடக்கும்.

இது தீவுக்காரரின் அறியாமை என்று யாரும் சிரிக்க வேண்டாம். கொழும்பில் படித்தவர்களும் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் இதே நம்பிக்கையோடுதான் இருக்கிறார்கள். நம்பிக்கை அடியோடு பிழை. ஸ்கான் சிறுநீரகத்தின் உருவத்தைக் காட்டும். அது எவ்வளவு இரத்தத்தை வடிகட்டுகிறது என்பதைக் காட்டாது.

வளர்ந்தவரின் சிறுநீரகம் ஏறத்தாழ 9 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம். அதன் வெளிப்பட்டை ஈரலைவிடச் சற்றுக் கறுப்பாக, அல்லது அதே நிறத்தில் தெரிய வேண்டும். நோய் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகச் சாகும், அந்த இடத்தில் தழும்பு படரும். தழும்பு சுருங்கும், ஒலியலையைக் கூடுதலாகத் திருப்பி அனுப்புவதால் வெள்ளையாகவும் தெரியும். பட்டை மெலிந்து, உட்பகுதிக்கும் அதற்கும் இடையிலான எல்லை அழிந்து, இரு பக்கமும் 8 சென்ரிமீற்றருக்குக் கீழே வந்துவிட்டால் நோய் பழையது, இழந்ததில் பெரும்பகுதி திரும்பாது என்று பொருள். அந்த நிலையில் ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வைத்தியர்கள் தயங்குவார்கள். இரத்தக் கசிவு அபாயம் ஒரு புறம். எடுத்தாலும் தழும்பைத் தவிர வேறொன்றும் அகப்படாது என்பது மறுபுறம்.

1990களிலிருந்து மதவாச்சி, பதவியா விவசாயிகளிடையே கண்டறியப்பட்டு வரும், காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோய் இந்த வகைதான். சலத்தில் புரதம் அதிகம் போகாது, தொடக்கத்தில் பிரஷரும் பெரும்பாலும் ஏறாது. முற்றிய பின் ஸ்கானில் இரு சிறுநீரகங்களும் சுருங்கி வெளுத்துத் தெரியும். அனுராதபுரத்துச் செய்திகளையே கேட்டுக் கேட்டு, நோய் என்றால் சுருங்கித்தான் இருக்கும் என்று மற்றவர்களும் நினைத்துக்கொண்டார்கள் போலும்.

சலரோகம் இந்தக் கணக்குக்கு அடங்காது. அது தொடக்கத்தில் சிறுநீரகத்தைப் பெருக்கவே செய்யும். வேலை பாதிக்குக் கீழே போன பிறகும் நீளம் குறையாமல் நிற்பது சாதாரணம். 58 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம்: பதினைந்து வருடச் சலரோகம், ஸ்கானில் வலது 10.8, இடது 11 சென்ரிமீற்றர். பார்க்க அழகான அளவு. ஆனால் இரத்தத்தில் கிரியேற்றினின் 2.1 மில்லிகிராம். வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிகட்டும் வேகம் 36 அளவில்தான் வரும். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே அது நாட்பட்ட நோய். இவருக்குப் பிரஷரையும் சீனியையும் இறுக்கிப் பிடித்து, சலத்தில் அல்புமின் எவ்வளவு போகிறது என்று பார்த்து மருந்தை மாற்றினால் டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடலாம். உறையிலிருந்த அந்த ஒற்றை வரியோ அவரைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டது.

வெண்மையிலும் ஒரு பொறி உண்டு. விலாவின் வலப்புறம் கருவியை வைத்தால் ஈரலும் சிறுநீரகமும் ஒரே படத்தில் விழும். இரண்டையும் ஒப்பிட்டே நிறம் சொல்கிறார்கள். ஈரலில் கொழுப்புப் படிந்தால் அது தானே வெளுத்துவிடும். அப்போது பழுதான சிறுநீரகமும் பக்கத்தில் கறுப்பாக, நல்லதுபோலத் தெரியும். சலரோகக்காரருக்கு ஈரல் கொழுப்பு எவ்வளவு சகஜம் என்று சொல்லத் தேவையில்லை. இனி நீளம்: கருவியைச் சற்றுச் சரித்துப் பிடித்தால் 10 சென்ரிமீற்றர் சிறுநீரகம் 9ஆகக் குறைந்துவிடும். கை மாறினால் எண்ணும் மாறும்.

எதிர்த்திசையிலும் இதே பிழை நடக்கிறது. ‘வெண்மை கூடியுள்ளது’ என்று கண்டதும் கிட்னி முடிந்தது என்று அழுகிறவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. அந்தக் காய்ச்சலில் சிறுநீரகம் வீங்கி வெளுக்கலாம், கிரியேற்றினினும் வேகமாக ஏறலாம். நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் பலருக்கு அது பழையபடி திரும்பும். உடனடி ஆபத்தில் வருபவரின் சிறுநீரகம் சுருங்காமலிருப்பது உண்மையிலேயே நல்ல சேதிதான், மீட்க இடமிருக்கலாம் என்ற அளவில். ஸ்கானின் பெரிய பயனும் அங்கேதான்: நோய் புதிதா பழையதா என்று பிரிப்பதிலும், கல்லோ வேறு அடைப்போ இருக்கிறதா என்று பார்ப்பதிலும்.

ஸ்கான் அறிக்கை எழுதுகிறவர்களும் பழியில் பங்கு எடுக்க வேண்டும். ‘சாதாரணம்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல் இரு பக்க நீளத்தையும் பட்டையின் தடிப்பையும் ஈரலில் கொழுப்பு இருந்ததா என்பதையும் எழுதினால், அடுத்த வருட அறிக்கையோடு கிளினிக்கில் ஒப்பிட ஏதாவது இருக்கும். கூடவே, கிரியேற்றினினும் சல அல்புமினும் பார்க்காமல் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று தமிழில் ஒரு வரி சேர்க்க அதிக மை செலவாகாது.