வகுப்பில் விரல் தூக்கினோம், இப்போது ஏன் வாய் மூடுகிறோம்?



ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். பாடம் நடக்கும்போது சுண்டுவிரலைத் தூக்கி "சார், ஒண்ணுக்கு" என்பீர்கள். ஒருவருக்கும் வெட்கம் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கே இன்று ஐம்பது வயது ஆகிறது. உங்கள் அப்பாவுக்கும் மாமாவுக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். அவர்களில் எத்தனை பேர் டாக்டரிடம் வாயைத் திறந்து "ஒண்ணுக்கு சரியாகப் போகவில்லை" என்று சொல்கிறார்கள்?

நானும் சொல்லவில்லை. இரண்டு வருடம் மறைத்தேன். பேருந்துப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் கழிவறை எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பேன். இரவில் நான்கு முறை எழுந்தேன். வீட்டில் கேட்டால் "சுகரா இருக்கும்" என்றேன். சுகர் பார்த்தோம், சரியாக இருந்தது. அதன் பிறகும் நான் பேசவில்லை.

போன வருடம் ஓர் ஆய்வகத்தில் முழு உடல் பரிசோதனை என்று சலுகை விலையில் ரத்தம் எடுத்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள். அதில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. முடிவு வந்தபோது அந்த வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: 9.2. பக்கத்தில் "4 வரை இயல்பு" என்று போட்டிருந்தது. அன்று இரவு போனில் தேடிப் படித்துவிட்டு, புற்றுநோய் என்று நானே முடிவு கட்டினேன். மறுநாள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்தேன். மனைவியிடம் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன்.

சிறுநீரகவியல் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "ரத்தம் கொடுத்த வாரத்தில் எரிச்சல் இருந்ததா?" இருந்தது. சிறுநீரைச் சோதித்ததில் கிருமித் தொற்று தெரிந்தது. அதற்கு மருந்து கொடுத்து, இரண்டு மாதம் கழித்து அதே சோதனையை மறுபடி எடுக்கச் சொன்னார். இப்போது 3.4.

இடையில் அவர் எனக்கு நடத்திய பாடத்தைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் போல இருக்கிறது. வாலிபத்தில் பெரிய நெல்லிக்காய் அளவு. வயதாக ஆக, குழாயை ஒட்டிய உள்பகுதி வீங்கிக் குழாயை நெரிக்கிறது. தோட்டத்துக் குழாயை மிதித்தால் தண்ணீர் மெலிந்து வருமே, அப்படி. இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல.

புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. அங்கே ஆரம்பத்தில் குழாயை நெரிக்காது. அதனால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. ஆக, சிறுநீர் மெதுவாகப் போகிறது என்பதற்காகப் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. நன்றாகப் போகிறது என்பதற்காக அது இல்லை என்றும் அர்த்தமில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, பயத்தில் இரண்டையும் மறைக்கிறோம்.

முதல் கணக்கு, அறிகுறிகள். இதற்கு மருத்துவர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் போட வேண்டும். ஒருபோதும் இல்லை என்றால் 0, பாதி நேரம் என்றால் 3, ஏறக்குறைய எப்போதும் என்றால் 5. இந்தப் பரீட்சையில் மட்டும் குறைந்த மதிப்பெண்தான் நல்லது.

என் விடைத்தாளையே காட்டுகிறேன். போய்விட்டு வந்தும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு: 3. இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவது: 3. நின்று நின்று வருவது: 2. அடக்க முடியாத அவசரம்: 2. மெலிந்த தாரை: 4. முக்கிப் போவது: 1. இரவில் எழுவது, எத்தனை முறையோ அத்தனை மதிப்பெண்: 4. கூட்டினால் 19. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. நான் நடுத்தரத்தின் கடைசிப் படியில் நின்றேன்.

ஸ்கேனில் சுரப்பி 48 கிராம் இருந்தது. போய்விட்டு வந்த பிறகும் பையில் 110 மில்லி சிறுநீர் தங்கியிருந்தது. குழாயைத் தளர்த்தும் மாத்திரை ஒன்று இரவில் எடுக்கிறேன். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும், அதனால் உட்கார்ந்து எழுகிறேன். இரண்டு மாதத்தில் 19 என்பது 9 ஆனது. விரலால் ஆசனவாய் வழியே சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் சோதனையும் செய்தார். இதற்குத்தான் நம்மவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது கணக்கு, அந்த ரத்தச் சோதனை. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். புற்றுநோயால் கூடலாம். வெறும் வீக்கத்தாலும், தொற்றாலும், சிறுநீர்க் குழாய் செருகியதாலும் கூடும். முந்தைய இரண்டு நாளில் விந்து வெளியேறியிருந்தாலும், சைக்கிள் அதிகம் மிதித்திருந்தாலும் கூடக்கூடும். எண் கூடியவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்பது பொதுவான கணக்கு. மறுபக்கமும் உண்டு: எண் இயல்பாக இருந்தும் சிலருக்கு நோய் இருக்கும். பினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு என்ற மாத்திரைகளை ஆறு மாதமாகச் சாப்பிடுபவருக்கு இந்த எண் பாதியாகக் குறைந்து காட்டும். அதைச் சொல்லாவிட்டால் மருத்துவரே ஏமாந்துபோவார்.

அதனால் என் கருத்து இது. அறிகுறி இருந்தால் உடனே சொல்லுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அறிகுறி இல்லாதவர் பி.எஸ்.ஏ. எடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும், சலுகை விலைப் பட்டியல் முடிவு செய்யக் கூடாது. காரணம், கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய்களில் சில மிக மெதுவாக வளர்பவை. ஆயுள் முழுக்கத் தொந்தரவு தராதவை. அவற்றுக்கும் சிகிச்சை செய்தால் சிறுநீர் கசிவு, ஆண்மைக் குறைவு வரலாம். வேறு சில வேகமாகப் பரவுபவை, அவற்றை நேரத்தில் பிடித்தால் உயிர் பிழைக்கும். 55 முதல் 69 வயது வரை பேசி முடிவெடுக்க ஏற்ற காலம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் 45 வயதிலேயே பேசுங்கள். எழுபதுக்கு மேல் வழக்கமாக எடுக்கச் சொல்வதில்லை.

சில விஷயங்களில் மட்டும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு வீங்கினால், ரத்தம் கலந்து வந்தால், குளிர் காய்ச்சலோடு எரிச்சல் இருந்தால் அன்றைக்கே போங்கள். வீக்கம் உள்ளவருக்குச் சில சளி மாத்திரைகளே சிறுநீரை அடைத்துவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

மகன்களே, மகள்களே, அப்பா இரவில் எத்தனை முறை லைட் போடுகிறார் என்று உங்களுக்குத் தெரியும். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மேலே உள்ள ஏழு கேள்விகளை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்படுபவர் மதிப்பெண் போட்டுக் கொடுப்பார். அந்தத் தாளையே டாக்டரிடம் நீட்டினால் போதும்.

கேட்க வெட்கமாக இருந்தால் என் இன்பாக்ஸில் கேளுங்கள். நான் டாக்டர் இல்லை, எந்த டாக்டரிடம் போவது என்று மட்டும் சொல்வேன். வகுப்பில் விரல் தூக்கியபோது உங்களை நான் ஒருநாளும் சிரித்ததில்லை. இப்போதும் சிரிக்க மாட்டேன்.