கேள்வி–பதில்: படம் வந்தது, கேள்வி வரவில்லை

பேச்சிப்பாறையிலிருந்து ஒரு வாசகர் தன் விளையின் செயற்கைக்கோள் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார். நாற்புறமும் சிவப்புக் கோடு. கேள்வி எதுவும் இல்லை. பரப்பு எவ்வளவு, என்ன நடலாம், எல்லை சரியா என்ற மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

பரப்பு என்றால், படத்தின் மூலையிலுள்ள அளவுக்கோடு வெட்டப்படாமல் இருந்தால் போதும். அதில் 20 மீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டர் நீளமாகவும், விளை இரண்டரைக்கு இரண்டு சென்டிமீட்டராகவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலம் 50 மீட்டருக்கு 40 மீட்டர். அதாவது 2,000 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் சுமார் 49 சென்ட். பட்டாவில் இது 20 ஏர் என்று இருக்கும்.

மலைச்சரிவில் நாடாவைத் தரையோடு பிடித்து அளந்தால் கணக்கு கூடிவிடும். 60 மீட்டர் தூரத்தில் 20 மீட்டர் ஏற்றம் இருந்தால் நாடா 63 மீட்டருக்கு மேல் காட்டும். பட்டாவும் படமும் கிடைமட்ட அளவையே சொல்கின்றன. அதனால் நாடாக் கணக்கைவிடப் பட்டாவில் குறைந்திருந்தால், உடனே நிலம் பறிபோனதாக நினைக்க வேண்டாம்.

பயிர் பற்றிய கேள்வி என்றால் இந்தப் படம் போதாது. சரிவு, மண் ஆழம், தண்ணீர் தேங்கும் இடம் எதுவும் இதில் தெரியாது. ரப்பர் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை உதிர்க்கும். அப்போது எடுத்த படத்தில் நல்ல தோட்டமும் வெறிச்சோடித் தெரியும். படம் எடுத்த மாதம், மரங்களின் வயது, விளைக்குள் நின்று எடுத்த புகைப்படம், மண் பரிசோதனை முடிவு ஆகியவற்றோடு பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

எல்லைச் சந்தேகம் என்றால் இந்தப் படத்தை நம்பவே கூடாது. ரப்பர் தோப்பில் தெரிவது கொப்புகளின் விளிம்புதான். கையாலையும் கல்லும் அதனடியில் மறைந்திருக்கும். சரிவில் படமே சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். 50 மீட்டர் பக்கத்தில் கோடு 3 மீட்டர் தள்ளினால் 150 சதுர மீட்டர், ஏறக்குறைய 3.7 சென்ட் அடுத்தவர் பக்கம் போய்விடும். மொத்தப் பரப்புக்கு இது சிறு பிழை. பக்கத்து விளைக்காரரோடு சண்டைக்குப் பெரிய காரணம்.

எல்லைக்கு ஆதாரம் புலப்படம்தான். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்து eservices.tn.gov.in தளத்தில் அதை எடுக்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் அதில் மீட்டரில் இருக்கும். முதலில் பழைய எல்லைக்கல்லைத் தேட வேண்டும். கல் காணவில்லை என்றாலோ அளவு ஒத்துவரவில்லை என்றாலோ, வேலியைத் தொடாமல், கட்டணம் செலுத்தி நில அளவைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து நிலக்காரரும் கூட இருக்கும்போது சர்வேயர் அளந்து காட்டும் எல்லையே பின்னால் நிற்கும்.

வாசகர் அடுத்த முறை படத்தோடு புல எண்ணையும் ஒரு வரிக் கேள்வியையும் எழுதி அனுப்பினால், மூன்றில் எதற்குப் பதில் வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.